மூடி திறந்ததும் ஓடிய வேலை

எங்கள் தொழில் கலியாண வீடியோ. கொட்டாஞ்சேனையில் இருக்கும் தம்பி படம் பிடிப்பான். வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் இருந்து நான் வெட்டி ஒட்டுவேன். சொந்தத் தம்பி அல்ல. ஆனாலும் பல வருடமாக அக்கா, தம்பி என்றுதான் பழக்கம். கலியாணம் முடிந்த மறுநாள் கமெராக் கார்டுகளைக் கொண்டுவந்து தருவான். நான் அவற்றை என் கணினியில் இறக்கிக்கொள்வேன். அங்கிருந்து இரவில் எல்லாம் தானாகவே அலுமாரிக்கு மேல் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்குப் போகும். வீட்டு வைஃபையில் இணைந்த, இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட பெட்டி அது.

அந்த இரவு வேலையை அமைத்துத் தந்தவன் தம்பிதான். மாக் கணினிக்குள் launchd என்று ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்ன நேரத்துக்கு இன்ன வேலையைச் செய் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதி, உரிய இடத்தில் வைத்தால் அது செய்யும். தம்பி இரவு இரண்டு மணி என்று எழுதினான். அந்த நேரத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, என் வேலைக் கோப்புறையில் புதிதாக வந்ததையெல்லாம் பெட்டிக்குப் பிரதி எடுக்கும். அப்போது என்னிடம் இருந்தது மேசைக் கணினி. அதை நான் அணைப்பதுமில்லை, தூங்க விடுவதுமில்லை. அதனால் ஒரு நாளும் பிசகவில்லை.

பிறகு அது பழுதாகி, மடிக்கணினி வாங்கினேன். தம்பி வந்து அதே கோப்பையும் ஸ்கிரிப்டையும் அதில் போட்டான்.

"இதை நான் ராவில மூடி வைச்சிடுவனே, அப்ப?" என்று கேட்டேன்.

"பிரச்சினையில்லை அக்கா. ரெண்டு மணிக்கு மெஷின் தூங்கிக்கொண்டு இருந்தா, காலமை நீங்க திறந்த உடனே launchd தவறின வேலையை ஓட்டும். ரெண்டு மூண்டு நாள் மூடி வைச்சிருந்தாலும், எழும்பினதும் எல்லாத்துக்கும் சேர்த்து ஒருக்கா ஓடும். முழுசா ஓஃப் பண்ணினாத்தான் அந்தத் தடவை போச்சு. அப்ப அடுத்த ரெண்டு மணிதான்."

என் முன்னாலேயே கையால் ஒரு தடவை ஓட்டியும் காட்டினான். கோப்புகள் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததை இருவரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு வந்த கலியாணங்களில் ஒன்று எங்கள் பக்கத்து ஒழுங்கைப் பெண்ணுடையது. மணப்பெண்ணின் அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். கலியாணத்தன்று, மகள் சேலை மாற்றிக்கொண்டிருந்த அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, தம்பியின் கமெராவைப் பார்த்து அவர் மகளுக்குச் சில வார்த்தைகள் சொன்னார். மகளுக்குத் தெரியாது. வீடியோவில் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்றார். சத்திரசிகிச்சைக்குப் பின் அவரால் பேச முடியவில்லை. கொஞ்ச நாளில் காலமானார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு மகள் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அம்மா கமெராவில ஏதோ கதைச்சவ எண்டு சித்தி சொன்னவ. முழு வீடியோ பிறகு தாங்கோ. அந்தத் துண்டை மட்டும் முதல்ல தருவீங்களா?"

நாளைக்கே தருகிறேன் என்றேன். மறுநாள் காலை மடிக்கணினி உயிர்க்கவில்லை. சார்ஜரை மாற்றிப் பார்த்தேன். பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். திரை கறுப்பாகவே இருந்தது.

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. பெட்டியில் எல்லாம் இருக்கிறதே. கணவரின் கணினியில் பெட்டியைத் திறந்தேன். பழைய கலியாணங்கள் எல்லாம் இருந்தன. மடிக்கணினி வாங்கிய நாளோடு பட்டியல் நின்றிருந்தது. அன்று தம்பி கையால் ஓட்டியதுதான் கடைசி.

தம்பியை அழைத்தேன். "கார்ட் இருக்கோ?"

"எந்தக் கார்ட் அக்கா? அதெல்லாம் ஃபோர்மட் பண்ணிப் பிறகு ரெண்டு கலியாணத்துக்குப் பாவிச்சிட்டன். பெட்டியில இருக்குமே?"

"இல்லை. உன்ர வேலை ஓடவேயில்லை."

"ஓடியிருக்கும் அக்கா. மெஷின் எழும்பினா அது ஓடும். எனக்கு நல்லாத் தெரியும்."

"ஓடியிருந்தா எங்கையடா?" என்று கத்தினேன். அவனிடம் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை.

பம்பலப்பிட்டியில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் சிங்களவர், அமைதியான மனிதர். உள்ளிருக்கும் சேமிப்பு போர்டோடு ஒட்டியிருக்கிறது, கழற்றி வேறொன்றில் போட முடியாது, போர்டை உயிர்ப்பித்தால்தான் உண்டு என்று சிங்களத்தில் விளக்கினார். "பார்ப்போம் மிஸ், வாக்குத் தர மாட்டேன்" என்றார். அடுத்த நாட்களில் காலி வீதியில் மணப்பெண் எதிரே வந்தாலோ என்று பயந்து, சந்தைக்குக்கூட உள் ஒழுங்கைகளால் போனேன். அவள் கேட்டு அனுப்பிய செய்திக்கு, திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதினேன். போய்விட்டிருக்கலாம் என்று எழுதக் கை வரவில்லை.

கடைசியில் கடைக்காரர் அழைத்தார். ஓடுகிறது, ஆனால் நம்ப முடியாது, ஒரு டிஸ்கோடு உடனே வரச் சொன்னார். தம்பிக்கும் சொன்னேன். கொட்டாஞ்சேனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்பே வந்து நின்றான். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"மூட வேண்டாம், தூங்கவும் விட வேண்டாம்" என்றார் கடைக்காரர். "தூங்கினால் திரும்ப எழும்புமோ தெரியாது."

நான் கடவுச்சொல்லை அடித்தேன். தம்பி கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து caffeinate என்று அடித்தான். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை சும்மா கிடந்தாலும் மாக் தூங்காது. மூடியை மூடினால் மட்டும் அதாலும் தடுக்க முடியாது. அதனால் அவன் ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றான். முதலில் அந்த அம்மாவின் துண்டைப் பிரதி எடுத்தோம், பிறகு மற்றவற்றை. பிரதியான அளவைக் காட்டும் நீலக் கோடு திரையில் மெல்ல நகர்ந்தது.

காத்திருக்கையில், அந்த இரவு வேலை ஓடும்போதெல்லாம் தானாக எழுதி வைத்த பதிவை அவன் திறந்தான். ஒவ்வொரு காலையும் நான் மூடியைத் திறந்த அதே நிமிடத்தில் ஒரு வரி: பெட்டி கிடைக்கவில்லை, நிறுத்துகிறேன். முதல் நாளிலிருந்து எல்லாக் காலையும் அதே வரி.

"ஓடித்தான் இருக்குது" என்றான் மெதுவாக. "ஆனா எழும்பின உடனே ஓடியிருக்குது. அப்ப வைஃபை வந்திருக்காது. தூக்கத்தில பெட்டியின்ர தொடர்பும் அறுந்திருக்கும். பெட்டி இல்லாட்டி நிறுத்து எண்டு நான்தான் எழுதினனான், பிழையான இடத்தில போய் எழுதக்கூடாதெண்டு. நிறுத்தினா launchd-க்கு அந்த நாள் வேலை முடிஞ்சுது. திரும்பப் பார்க்காது."

காலையில் வைஃபை வந்த பிறகு, கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரில் நான் பெட்டியை அழுத்தினால் அது உடனே திறக்கும். அதனால் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. புதிய கலியாணம் அதற்குள் இருக்கிறதா என்று நான் பார்த்ததே இல்லை.

அன்று மாலை டிஸ்கை மணப்பெண் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் படத்தைப் பார்க்க மாட்டேன் என்றாள். திரையை மறுபக்கம் திருப்பிவிட்டுச் சத்தத்தை மட்டும் போடச் சொன்னாள். "பிள்ளை, நேரத்துக்குச் சாப்பிடு" என்றுதான் அந்த அம்மா தொடங்குகிறார். அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழும்பி வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன்.

தம்பி ஸ்கிரிப்டைத் திருத்தித் தந்தான். இப்போது அது வைஃபை வரும்வரை பொறுத்து, பெட்டியைத் தானே இணைத்து, பிறகுதான் தொடங்கும். நான் எப்படியும் மேசையில் இருக்கும் பகல் ஒரு மணிக்கும் இன்னொரு தடவை ஓடும். தோற்றால் என் ஃபோனுக்குச் செய்தி வரும். நான் பெட்டியை என் கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை அவன் கார்டை அழிப்பதில்லை.

கார்டுகளை இப்போதும் கொண்டுவந்து தருகிறான். முன்பு தேநீர் குடித்து, மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் கதைத்துவிட்டுத்தான் போவான். இப்போது வாசலிலேயே நின்று, "பார்த்திட்டுச் சொல்லுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுகிறான்.