பள்ளிக்குப் போகச் சொன்ன செய்தி

டுபாயில் காலை ஐந்தரை என்றால் இலங்கையில் எங்கள் ஊரான மாம்புரியில் ஏழு. அங்கே வாப்பா வேலைத்தளத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருப்பார். இங்கே உம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார். வாட்ஸ்அப்பில் பேச அந்த நாட்டில் வழியில்லை. பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவதால் குரல் பதிந்து அனுப்பவும் முடியாது. ஆகவே வாப்பா எழுதினார்.

பஸ் ஓடும் இருபது நிமிடத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பதால் செய்திக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் ஸலாம், பிறகு ஒரு பழமொழி, பிறகு அது என் அக்கா ராத்தாவுக்கா எனக்கா என்று பெயர். முந்திய நாள் நாங்கள் அனுப்பிய வீட்டுப் புதினத்தைப் பார்த்துத்தான் பழமொழி வரும். நான் கணக்கில் குறைந்தால் ஒன்று, ராத்தா என்னைக் கிள்ளினால் இன்னொன்று. வாப்பாவின் போனில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தில் வரும் தமிழை நான்தான் உரத்து வாசிப்பேன். 'siru thuli peru vellam' என்பதைச் சிறு துளி, பேரு வெள்ளம் என்று வாசித்து, துளிக்கு எதற்குப் பேர் வைத்தார்கள் என்று கேட்டவள் நான்.

ஒரு திங்கட்கிழமை செய்தி தமிழ் எழுத்திலேயே வந்தது. ஒரு பிழை இல்லை. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று இருந்தது. அதன் கீழே, 'ரெண்டு பேரும் தவறாம பள்ளிக்குப் போங்க, செல்லங்களா.'

உம்மாவின் கை பின்னலில் நின்றது.

"பொம்பிளப் புள்ளயள பள்ளிக்குப் போகச் சொல்றாரா? தொழ வைக்கவா?"

எங்கள் ஊரில் பள்ளி என்றால் தொழும் இடம். பிள்ளைகள் போவது ஸ்கூலுக்கு. அதோடு, வாப்பா எங்களை ஒருநாளும் செல்லம் என்றதில்லை.

"இது வாப்பா இல்ல. ஆரோ போனக் களவெடுத்திட்டான்" என்றாள் ராத்தா.

"களவெடுத்தவன் பழமொழியா அனுப்புவான்?" என்று நான் கேட்டதற்கு ஒரு குட்டு கிடைத்தது.

உம்மா போனுக்கு ரீலோட் காசு போட்டுச் சாதாரண அழைப்பு எடுத்தார். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன்கள் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் உம்மா மூன்று தரம் எடுத்தார். போன் வேறு கையில் இருக்கிறதென்றால் வாப்பா எங்கே? அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய இரண்டு றாத்தல் பாண் வெட்டப்படாமல் மேசையில் கிடந்தது.

ஸ்கூலுக்குக் கிளம்பும்போது ராத்தா தட்டி அனுப்பினாள்: பொம்பிளப் புள்ளயள் பள்ளிக்குப் போறதா? நீங்கள் எங்கட வாப்பாதான் எண்டால், நம்மட ஆட்டுக்கு என்ன பேர்?

இரண்டு மணிக்கு நாங்கள் திரும்பியபோது உம்மா போனை மடியில் வைத்தபடி கதிரையிலேயே இருந்தார். சற்று நேரத்தில் குரல் பதிவு வந்தது. அங்கே சாப்பாட்டு இடைவேளை.

"ஆட்டுக்குப் பேரே இல்லயே, புள்ள! என்ன விளையாட்டு இது?"

ராத்தா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். உம்மா சிரிக்கவில்லை; அந்தப் பதிவை இன்னொரு முறை போடச் சொன்னார்.

பஸ் கதவில் பெருவிரல் நசுங்கிக் கட்டுப் போட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த அறைத்தோழர் ஒருவர் போனில் தமிழ் எழுத்தை ஏற்றித் தனக்காகத் தட்டித் தருகிறார் என்று வாப்பா சொன்னார். பின்னால் ஓர் ஆண்குரல் கேட்டது: "ஏம்மா, உங்க ஊர்ல பள்ளின்னா ஸ்கூல் இல்லியா?"

அன்று பாண் இரண்டு றாத்தலும் முடிந்தது.

மறுநாளும் அடியில் அதே வரி இருந்தது. ஸ்கூல் என்று திருத்தப்படவில்லை. நாங்கள் விட்டுக்கொடுக்காமல், 'ஓம், பள்ளிக்குப் போறோம், தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டு வாறோம்' என்று எழுதிச் சிரித்தோம். விரல் ஆறி வாப்பாவின் ஆங்கில எழுத்துத் தமிழ் திரும்பிய பிறகும் அந்தப் பதிலை நிறுத்தவில்லை. தட்டித் தந்த அந்த மாமாவைக் கிண்டலடிக்கக் கிடைத்த வாய்ப்பை ஏன் விடுவது?

வாப்பா வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகுதான் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஸலாமையும் பழமொழியையும் பெயர்களையும் மட்டும்தான் தட்டச் சொல்லுவாராம். கடைசி வரி அந்த மனிதர் தாமாகச் சேர்த்தது. அவருக்கும் என் வயதில் ஒரு மகள். அந்த வருடம் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வீட்டில் நின்றுவிட்டாள். அவர் அவளுக்கு அனுப்பும் செய்திகளைத் திறந்தும் பார்ப்பதில்லை. வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் தினமும் வாப்பாவின் போனை வாங்கி, 'பள்ளிக்குப் போறோம்' என்ற எங்கள் பதில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கண்ணை மூடுவாராம்.

நாங்கள் அவருடைய தமிழைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.