விரற்கடை அளவு முகம்

கள்ளக்குறிச்சி கால்நடை மருத்துவமனைக்கு நான் மாற்றலாகி வந்து ஆறாவது வருடம் அது. மகன் கனடாவில். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மருத்துவமனைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. நாய் மருத்துவர் வீட்டில் நாய் இல்லையா என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். நாள் முழுக்க அதுங்களோட மல்லுக்கட்டுறது போதும் என்பேன். அது பொய். செத்தால் அழ வேண்டி வருமே என்ற பயம்தான்.

அன்று பகல் பதினொரு மணிக்குக் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த வண்டியில் ஒருவர் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். மார்போடு சேர்த்துத் துண்டில் எதையோ கட்டியிருந்தார். பிள்ளையைத்தான் தூக்கி வருகிறார் என்று நினைத்தேன். அவிழ்த்தால் ஒரு பக் நாய். நிறைமாத வயிறு, பிதுங்கிய கண்கள், தட்டையான முகம். மூச்சு குறட்டை போல இழுத்தது.

அவருக்குச் சாமை, தினை விளையும் கொஞ்சம் நிலம் மலையில் உண்டு. முன்பு அங்கே ஒரு பணக்காரர் பங்களாவுக்குக் காவல் இருந்தார். பங்களாவை விற்றவர்கள் நாயை இவரிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மனைவி இறந்தபின் இவரும் இந்த நாயும் இவர் நிலத்துக்குக் காவல் இருக்கும் நாட்டு நாயும் மட்டும்தான் வீட்டில். வயிற்றில் இருப்பது அந்த நாட்டு நாயின் குட்டிகள்.

"எப்ப வலி எடுத்தது?"

"நேத்து காலையிலங்க."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நேத்து காலையில வலி எடுத்ததுக்கு இப்பத்தான் தூக்கிக்கினு வரீங்களா? இவ்ளோ நேரம் இன்னா பண்ணீங்க?"

"நம்ம பக்கம் குட்டி போடற நாய எட்டிப் பாக்க மாட்டோங்க டாக்டரம்மா. பாத்தா குட்டிய தின்னுடும்னு பயம். தானா குழி தோண்டி போட்டுக்கும். ஆடு மேய்க்கிற நாயெல்லாம் அப்படித்தானே போடுது. இதையும் மூலையில கோணி விரிச்சு விட்டுட்டு வெளிய குந்திக்கினு இருந்தேங்க."

அவர் மீது குற்றமில்லை. மலை நாய்க்கு அது சரியான வழக்கம்தான். அவற்றின் இடுப்பு அகலம், குட்டியின் தலை சிறிது, முன்பற்களால் குட்டியைச் சுற்றிய பையைக் கிழித்துத் தொப்புள்கொடியைக் கடித்துவிடும். இந்த நாயின் இடுப்பு குறுகல். அதன் இனக் குட்டிகளுக்கே தலை பெரிது. இதில் அப்பன் வேறு உயரமானவன். குட்டி வெளியே வந்தாலும் பையைக் கிழிக்க நீட்டுவதற்கு இதற்கு வாய் இல்லை.

கல்லூரியில் ஒருமுறை ஓநாய், கிராமத்து நாய், பக் மூன்றின் மண்டையோடுகளையும் ஒரே மேசையில் வைத்தார்கள். மூன்றும் ஒரே வம்சம் என்று சொன்னாலும் நம்ப முடியாது. பக் நாயின் சின்னத் தாடையில் அத்தனை பற்களும் இடமில்லாமல் குறுக்கும் நெடுக்குமாகத் திரும்பி நின்றன. எலும்பைக் குறுக்கியவர்களால் உள்ளே இருக்கும் சதையைக் குறுக்க முடியவில்லை. நீளமான மேலண்ணம் அப்படியே தொண்டையில் தொங்கி மூச்சை மறிக்கிறது. அந்தக் குறட்டையைத்தான் அழகு என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வயிற்றைக் கிழித்துக் குட்டிகளை எடுப்பதற்காக ஊசி போட்டு மயக்கும்போது அவர் கதவருகே நின்று கேட்டார்.

"இது ஏங்க இப்படி இருக்குது? சீக்கா?"

"சீக்கு இல்ல. மனுஷங்க செஞ்சது. மூஞ்சி கொஞ்சம் குட்டையா பொறந்தத எடுத்து, அதே மாதிரி இன்னொன்னோட சேத்து, அதுல இன்னும் குட்டையா இருக்கறத வச்சிக்கினு, மத்தத ஒதுக்கிடுவாங்க. சொந்தத்துக்குள்ளயே திரும்பத் திரும்ப சேப்பாங்க. நாய்க்கு ரெண்டு வருசத்துல அடுத்த தலைமுறை. நூறு, நூத்தம்பது வருசம் போதும், இப்படி ஆயிடும். அதுக்கு முந்தி வரைஞ்ச படத்துல இதுக்கே மூக்கு இருக்கும்."

"காட்டுல இருந்தா பொழச்சிருக்காதே."

"பொழைக்காது. சோறு போட ஆள் இருந்ததால பொழச்சது."

"எதுக்குங்க செஞ்சாங்க?"

"மடியில வச்சிக்க. வேட்டைக்கு நீட்டுக் காலு, பொந்துக்குள்ள போக குட்டைக் காலு, மடிக்கு இது."

அவர் மேசைமேல் கிடந்த நாயைப் பார்த்தார். பிறகு, "செஞ்சவங்களும் ஒண்டியாத்தான் இருந்திருப்பாங்க போல" என்றார்.

நான் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவரை வெளியே போகச் சொன்னேன்.

மூன்று குட்டிகள். முதல் குட்டியின் தலை வழியில் சிக்கியிருந்தது, எப்போதோ இறந்திருந்தது. இரண்டாவதுக்கும் உயிர் இல்லை. மூன்றாவதைத் துணியால் தேய்த்துத் தேய்த்து, வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்தபோது ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. நான் சிரித்தேன். தையல் போட்டு முடித்தேன். எல்லாம் நல்லபடியாகப் போனது.

மயக்கத்திலிருந்து திரும்பும் நாய் விழுங்கப் பார்த்தால் மூச்சுக்காகத் தொண்டையில் விட்ட குழாயை எடுத்துவிடுவோம். கிராமத்து நாய்களுக்கு ஆயிரம் முறை அப்படித்தான் எடுத்திருக்கிறேன். தட்டை முகத்துக்கு மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. அது கண் விழித்துத் தலையைத் தூக்கி, தானே குழாயைத் துப்பப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அது ஒருமுறை விழுங்கியதும் கை தன் பழக்கத்தில் உருவிவிட்டது.

நாயின் தொண்டை அடைத்துக்கொண்டது. ஈறு நீலம் பாரித்தது. திரும்பக் குழாயைச் செலுத்தப் பார்த்தேன், வீக்கத்தில் வழி தெரியவில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

வெளியே வந்து, "மயக்கத்துல தாங்கலிங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் அழவில்லை. நாயை அதே துண்டில் கட்டினார். குட்டியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். பால் பொடியும் புட்டியும் கொடுத்து, இரண்டு மணிக்கொரு தரம் புகட்ட வேண்டும், ஈரத்துணியால் அடியில் துடைத்தால்தான் மூத்திரம் போகும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்துத் தடுப்பூசிக்கு வரச் சொன்னேன்.

அந்த ஆறு வாரமும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. மகனிடம் தொலைபேசியில் வெயிலைப் பற்றிப் பேசினேன். நாயைப் பற்றிப் பேசவில்லை. அவர் அந்த நாயை எல்லா நாயையும் போல நினைத்து மூலையில் விட்டார். நானும் அதை எல்லா நாயையும் போலவே நினைத்துக் குழாயை எடுத்தேன். ஆனால் அவர் தன் தப்பை வந்ததும் என்னிடம் சொல்லிவிட்டார்.

சொன்ன நாளில் வந்தார். குட்டி நின்றது, ஓடியது, என் செருப்பைக் கடித்தது. பிறந்தபோது எல்லாக் குட்டியும் போல மொட்டை முகமாக இருந்தது, இப்போது மூக்கு நீண்டிருந்தது. அப்பன் அளவுக்கு இல்லை, பாதி தூரம். ஒரே தலைமுறையில் அவ்வளவு திரும்பி வந்திருந்தது.

ஊசியைப் போட்டேன். இதை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. அதற்குப் பதில் அன்று மறைத்ததைச் சொன்னேன்.

"உங்க நாய் மயக்கத்துல சாகலிங்க. நான் கொழாய அவசரப்பட்டு எடுத்துட்டேன். எனக்குத் தெரிஞ்சே தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. குட்டியைத் தூக்கி, கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவில் ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்து அளந்தார். ஒரு விரல் வைக்கத் தாராளமாக இடமிருந்தது.

"இதுக்கு மூச்சு நல்லா வருதுங்களா?"

"நல்லா வருது."

"அப்ப சரிங்க" என்று சொல்லி, குட்டியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. அடுத்த ஊசிக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி எழுதியிருந்தேன். அந்தத் தேதியில் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை.