நாய்க்கும் ஒரு vous

சென்னையிலிருந்து வந்து கோயமுத்தூரில் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பு எடுக்கிறேன். பாரிஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்காக, சூலூரில் தறி வைத்திருக்கும் ஒருவர் சேர்ந்திருந்தார்.

பயிற்சித்தாளில் ஒரு பெண் தன் நாயோடு பேசுகிறாள். கோடிட்ட இடங்களில் 'சாப்பிடு' என்ற வினையை எழுத வேண்டும். je, அதாவது 'நான்' வரும் இடங்களில் mange என்று -e விகுதியைச் சரியாகவே போட்டிருந்தார். tu, அதாவது 'நீ' வந்தால் manges என்று -es வர வேண்டும். அங்கெல்லாம் mangez என்று எழுதியிருந்தார். அந்த -ez, 'நீங்கள்' என்ற vous-க்கு உரியது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தமிழ்ல 'நீ சாப்பிடறீங்க'ன்னு சொல்வீங்களா? எழுவாய் எதுவோ, அதுக்கேத்த விகுதிதான் வரணும்."

"செரிதானுங்க. ஆனா மரியாதையில்லாம எழுதக் கை வரமாட்டேங்குதுங்க."

"அது நாய்ங்க!"

"இருக்கட்டுமுங்க. சாப்பிடத்தானுங்க கூப்பிடறோம்?"

அடுத்த வகுப்புக்குத் தாளைத் திருத்திக் கொண்டுவந்தார். விகுதிகளில் கையே வைக்கவில்லை. tu எல்லாவற்றையும் அடித்து vous ஆக்கியிருந்தார். எழுவாயும் விகுதியும் கச்சிதமாகப் பொருந்தின. தப்புப் போட எனக்கு இடமே இல்லை. எரிச்சலோடு முழு மதிப்பெண் போட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் என் நாய் ஓடிவந்து காலைச் சுற்றியது.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.