மாவு, டியூஷன், ப்ளவுஸ்: ஜெரால்டின் தீர்ப்பு

எவாஞ்சலின் கடிதம் எழுதியது காதல் பொங்கி வழிந்ததால் அல்ல. புருஷன் துபாயில் இருந்ததாலும் அல்ல. ஒரே குவார்ட்டர்ஸில், ஒரே மின்விசிறிக்குக் கீழே படுத்து எழுகிற ஆளுக்குத்தான் அவள் நாலு பக்கம் எழுத வேண்டி வந்தது. வாயால் சொன்னால் ஜெரால்டுக்குக் காதில் ஏறாது. போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பான். அந்த "ம்"முக்கு ஆமாம் என்றும் பொருள் உண்டு, இல்லை என்றும் பொருள் உண்டு, நீ பேசியதே எனக்குத் தெரியாது என்றும் பொருள் உண்டு.

"எதுன்னாலும் எழுத்துல குடு எவா. பாக்கலாம்."

ஒருநாள் இப்படிச் சொல்லிவிட்டான். அந்தத் துரைக்குச் சுரங்கக் கம்பெனியில் கான்ட்ராக்ட் செக்‌ஷனில் வேலை. சுரங்கத்துக்குக் கையுறை வாங்கினாலும், தோட்டத்துப் புல் வெட்ட ஆள் எடுத்தாலும், கம்பெனிகளிடம் விலை கேட்டு, யார் குறைவு என்று பட்டியல் போடுவது அவன் பிழைப்பு. எல்லாவற்றிலும் குறைந்த விலை போட்டவனுக்கு எல் ஒன் என்று பேர். ஆபீஸில் அதைச் சொல்லிச் சொல்லி, காய்கறிக் கடையில் கத்திரிக்காய் வாங்கும்போதும் எல் ஒன் பார்க்கிற மனிதன். சொத்தைக் கத்திரிக்காயாகவே வாங்கி வருவான் என்பது வேறு விஷயம்.

எவாஞ்சலின் பி.காம். கல்யாணத்துக்கு முன்பு குள்ளஞ்சாவடியில் தனகோடி அக்காவிடம் இரண்டு வருஷம் தையல் கற்றவள். கை சுத்தம். கழுத்து வெட்டினால் தோளில் இறங்காது, கைக்குழி பிடிக்காது. இப்போது அவளுக்கு ஒன்றரை வயதில் ஜெப்ரின் என்று ஒரு பையன். அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து, அவன் எழுந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குத்தான் பி.காம் படித்தோமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரப்படுவதில் என்ன தப்பு? தன் கையால் ஒரு வேலை, தன் பேரில் ஒரு வருமானம், இவ்வளவுதான் கேட்டாள்.

ஆனால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் நினைத்ததும் தொழில் தொடங்கிவிட முடியாது. வீட்டைக் கடையாக்கினால் யாராவது கம்பெனிக்கு எழுதிப் போடுவார்கள், நோட்டீஸ் வரும். முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும். குவார்ட்டர்ஸ் ஜெரால்டு பேரில். அவன் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் வாசலைத் தாண்டாது. அதனால்தான் இந்தத் துரைக்கு இவ்வளவு மரியாதை.

மூன்று தொழிலை யோசித்து எழுதினாள். இட்லி மாவு விற்கலாம்: பெரிய கிரைண்டர் வாங்க வேண்டும், தினமும் ஊறவைத்து அரைக்க வேண்டும், வெயில் காலத்தில் விற்காத மாவு மறுநாள் புளித்துப் போகும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது. டியூஷன் எடுக்கலாம்: செலவே இல்லை, ஆனால் இந்த பிளாக்கிலேயே ரிட்டயர்டு டீச்சர்கள் நான்கு பேர் எடுக்கிறார்கள், அவர்களை விட்டு இவளிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? ப்ளவுஸ் தைக்கலாம்: மோட்டார் வைத்த மெஷின், ஓரம் அடிக்கும் மெஷின், அயர்ன் பாக்ஸ் வேண்டும், ஆனால் பழகிய கை, துணி புளிக்காது, பண்டிகைக்குப் பண்டிகை பஜார் டெய்லர்கள் நாளைக் கடத்துவதால் ஆர்டர் நிச்சயம். மாடி வீட்டுக் கிருஷ்ணப்ரியா தன் தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த ப்ளவுஸ், கல்யாணம் முடிந்த பிறகுதான் வந்தது.

"ஆகையால் மூன்றாவதையே செய்ய விரும்புகிறேன்" என்று எழுதி, காரணங்களை அடுத்தடுத்த பக்கங்களில் வைத்து, சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்கு மேலே வைத்து அனுப்பினாள்.

சாயங்காலம் கடிதம் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் கட்டம் போட்டிருந்தான். மூன்று தொழிலுக்கும் எதிரே முதலீடு. டியூஷனுக்கு நேரே ஒரு வட்டம், பக்கத்தில் "எல் ஒன்". கீழே சுருக்கொப்பமாக ஒரு கிறுக்கல், தேதியோடு.

"டியூஷன் ஓகே பண்ணிட்டேன்" என்றான், காலுறையைக் கழற்றிக்கொண்டே. ஏதோ ராஜ்யத்தைத் தூக்கிக் கொடுத்த தோரணை.

"நான் கேட்டது ப்ளவுஸு."

"நீ மூணு குடுத்த. எது கொறைச்சலோ அதுதான். ரூல்ஸ் அதான் எவா."

எவாஞ்சலின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். கட்டின பெண்டாட்டி எழுதியதைக் கையுறை டெண்டர் மாதிரி படித்திருக்கிறான். அதையாவது முழுசாகப் படித்தானா? அழுதிருப்பாள். அழுதால் "எதுக்கு அழுவுற" என்று கேட்டுவிட்டு மறுபடி போனை எடுப்பான் என்று தெரியும். இடுப்பில் பையனோடு எதிரே நின்றாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல விலையத்தான் மொதல்ல பிரிப்பீங்களா?"

"இல்ல. ரெண்டு கவர் வரும். மொதல்ல டெக்னிக்கல், ஆளுக்கு வேல தெரியுமான்னு. அதுல தேறுனவங்களோட விலைக் கவரத்தான் பிரிப்போம். தேறாதவன் ஓசியில குடுத்தாலும் எடுத்துக்க மாட்டோம்."

பெருமையாகச் சொன்னான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப டியூஷனு எப்படித் தேறுச்சு? நான் யாருக்காவது பாடம் எடுத்திருக்கேனா? அனுபவம் இருக்குதா? நாலு டீச்சருங்க இருக்கிற எடத்துல எங்கிட்ட எத்தினி புள்ள வரும்? ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன். நீங்க விலையப் பாத்துக்கினு குந்தியிருந்தீங்க."

ஜெரால்டு கழற்றிய காலுறையை மடித்தான். ஒரு கான்ட்ராக்டர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பதினைந்து நாள் பதில் சொல்லாமல் இழுத்தடித்திருப்பான். இங்கே ராத்திரிச் சோறு இவள் கையில் இருந்தது.

"சரி, ப்ளவுஸே தை. மெஷினுக்கு நம்ம சேவிங்ஸ்ல எடுத்துக்கலாம். விண்ணப்பத்தக் குடு, போடுறேன்."

பேனாவை எடுத்தான். எவாஞ்சலின் விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. கடிதத்தைத்தான் நீட்டினாள்.

"மொதல்ல இத முழுசாப் படிங்க. சத்தமா."

"இப்ப எதுக்கு? சரின்னுட்டேன்ல."

"படிச்சுட்டு சரின்னு சொல்லுங்க."

படித்தான். பஜனைக்குப் பாடுகிறவன் மாதிரி முதலில் இழுத்துப் படித்தான். மெஷின் விலை, அளவு ப்ளவுஸ், லைனிங் துணி, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, கூலி எல்லாம் தாண்டினான். நாலாம் பக்கம் வந்ததும் குரல் இறங்கியது.

"மெஷின் ஓடும்போது கத்தரிக்கோலும் ஊசியும் சூடான அயர்ன் பாக்ஸும் கிட்டக்க இருக்கும். ஜெப்ரின் தவழ்ந்து வருவதில்லை, ஓடியே வருகிறான். ஆகையால் தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் யாராவது அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நான் பணம் ஏதும் போடவில்லை, ஏனென்றால் இது பணத்தால் ஆகிற காரியம் இல்லை..."

நிறுத்தினான். விலை எழுதாத வரி என்பதால் மத்தியானம் அவன் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. எட்டு மணி நேரம் ஆபீஸில் உழைத்துக் களைத்து வருகிற மனிதனின் முகத்தை அவசரமாக வரவழைத்துக்கொண்டான்.

"அம்மாவ கம்மாபுரத்திலேர்ந்து வரச் சொல்லலாமா? இல்ல, மாடி வூட்டு கிருஷ்ணப்ரியாகிட்ட..."

"உங்க அம்மாவுக்கு மூட்டு வலி. கிருஷ்ணப்ரியா எனக்குக் கஸ்டமரு, ஆயா இல்ல."

"அப்ப வேற யாருதான் இருக்காங்க?"

எவாஞ்சலின் இடுப்பிலிருந்த பையனை இறக்கி அவன் மடியில் வைத்தாள்.

"விசாரிச்சுட்டேங்க. இதுக்கு வேற யாருமே டெண்டர் போடல."