புவனா சொன்ன சரிங்க

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. அதன் முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் சென்னிமலை படுத்திருக்கிறார். பண்ணைக் கொட்டகையின் கூரை மாற்றும்போது விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. தலையைத் திருப்புவார், பேசுவார். கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் சொன்னபடி கேட்பதில்லை. வேர்ப்பதுகூட இல்லை. வெயில் ஏறினால் உடம்பு காய்ந்துகொண்டே போகும்.

விழுவதற்கு முன் பண்ணையில் அவர் செய்த வேலையில் பாதி, கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு தரும் பல்பைப் பார்த்துக்கொள்வதுதான். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒட்டிக்கொண்டு கும்பலாக நின்றால் குளிர்கிறது, சுவரோரம் ஒதுங்கினால் சூடு அதிகம். ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்குத் தன் தலைக்கு மேலிருக்கும் பல்பைப் போடச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. "அம்மணி, லைட்டு. அம்மணி, ஃபேன். அம்மணி, ஆஃப்." கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் குரலும், ஓடி ஓடி அவர் மனைவி புவனாவின் பொறுமையும் தேய்ந்துபோயின. ஒரு கட்டத்தில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். இருட்டினாலும் சும்மா கிடப்பார்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் தேஜாதான் அதற்கு வழி கண்டாள். ஒரு பல்பு, மின்விசிறிக்கு ஒரு பிளக், குரல் கேட்கும் ஒரு ஸ்பீக்கர், மூன்றையும் கொண்டுவந்து வீட்டு வைஃபையோடு இணைத்துப் பொருத்தினாள். அன்று சென்னிமலை வாயால் சொல்லியே பல்பை எரியவிட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தார். "போதுமுங்க, பல்பு பீஸ் போயிரும்" என்றாள் புவனா. "போனா போவுது" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குத் திரும்பினாள். காலையில் கம்பெனி வேன். மதியம் பக்கத்து வீட்டு மெஹராஜ் வந்து சோறு ஊட்டுவாள். மீதி நேரம் அவர் குரல் பார்த்துக்கொள்ளும்.

சித்திரை வெயில் தொடங்கியபோது, தேஜாவோடு வீடியோவில் பேசினால் படம் உறைந்து உறைந்து நின்றது. கேபிள் ஆபீசில் சொன்னதும் அங்கே வேலை பார்க்கும் பாலகோபால் புது வைஃபை பெட்டியோடு வந்தான். வேன் வரும் நேரம். புவனா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பேரும் பாஸ்வேர்டும் பழசையே வெச்சுட்டேனுங்க. இதுல ரெண்டு பேண்டு, அதாவது ரெண்டு அலைவரிசை வருதுங்க. பழைய பேண்டுல அக்கம்பக்கத்துப் பெட்டியெல்லாம் நெரிசலுங்க, போன் அதுல போயி ஒட்டிக்கிட்டா வேகமே வராது. அதை ஆஃப் பண்ணிரட்டுங்களா?"

"சரிங்க, பண்ணிருங்க."

புவனா யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழகியவள் இல்லை. புரியாததற்கும் சரிங்க, பிடிக்காததற்கும் சரிங்க. வந்த ஆளைக் காக்க வைக்கக் கூடாது, கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது. பிறந்த வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். அவன் உள்ளறையில் பெட்டியைப் பொருத்தி முடித்தான். வேன் ஹாரன் அடித்தது. அவள் கிளம்பினாள்.

வெயில் ஏறியதும் சென்னிமலை விசிறியைப் போடச் சொன்னார். ஸ்பீக்கர் கேட்டது. கேட்டுவிட்டு, "ஃபேன் இஸ் நாட் ரெஸ்பாண்டிங்" என்றது. மறுபடி சொன்னார். அதே குரல், அதே மரியாதை. ஸ்பீக்கருக்குப் புதிய பேண்டும் பிடிக்கும், அதனால் அது வேலை செய்தது. பல்புக்கும் பிளக்குக்கும் பழையது மட்டும்தான் தெரியும்.

மதியம் மெஹராஜ் சோற்றுப் போசியோடு வந்தபோது அவர் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. மார்பைத் தொட்டுப் பார்த்தவள் போசியை வைத்துவிட்டு ஓடிப்போய் துண்டை நனைத்தாள். பிளக்கிலிருந்த பொத்தானை அழுத்தி விசிறியைச் சுற்றவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, சத்தம் போட்டிருக்கலாமுல்லங்க? நான் செவுத்துக்கு அந்தாண்டைதான இருக்கறேன்."

"போட்டேன்" என்றார். தொண்டை கட்டியிருந்தது. "உங்கூட்டு மிக்சி ஓடிட்டிருந்துச்சு."

சாயங்காலம் புவனா வந்தபோது வீடு இருட்டாக இருந்தது. மெஹராஜ் சொன்னதைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லியிருக்கலாமுல்லங்க, அந்த ஸ்பீக்கர் டப்பாகிட்ட."

"உன்ற போனைத்தான் கம்பெனியில பூட்டி வெச்சுக்கறாங்களே. மணியடிச்சா பீரோதான் எடுக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

தேஜாவைப் போனில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்லப் புவனா போன் செயலியிலிருந்து பல்பையும் பிளக்கையும் அழித்து முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்தாள். பிளக்கிலுள்ள குட்டி விளக்கு படபடவென்று மின்னும்வரை அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பல்பின் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாள். அதுவும் மின்னியது. செயலியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் ஒரு வரி வந்தது. அதைப் படமெடுத்து அனுப்பினாள்.

"அம்மா, இது ரெண்டு புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ்ங்கற பழைய பேண்டுல மட்டுந்தான் சேருமாம். உங்க பெட்டியில அஞ்சு மட்டுந்தான் ஓடுது. யாராவது மாத்துனாங்களா?"

புவனாவுக்குக் காலையில் நடந்தது ஒவ்வொரு சொல்லாக நினைவு வந்தது.

"நாந்தான் சரின்னேன்" என்றாள். "என்ன ஏதுன்னு கேக்காம."

பெட்டியின் அமைப்புகளை மாற்ற உள்ளே போகும் பாஸ்வேர்டைக் கேபிள் ஆபீஸ் மாற்றி வைத்திருந்தது. பாலகோபால் வந்தால்தான் ஆகும். விசிறியின் ஒயரை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகி ஓடவே விடலாம். ஆனால் நாள் முழுக்கக் காற்று அடித்தால் அவருக்கு உடம்பு சில்லிட்டு நெஞ்சில் சளி கட்டும். போடவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும்.

"நான் வேலையை உட்டுடறேனுங்க" என்றாள்.

"உட்டுப்போட்டு? மறுபடி நான் கூப்பிட, நீ ஓட. உம்மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நான் படுத்துட்டுத்தான் இருந்தேன், கண்ணு குருடாகலை."



மறுநாள் அவள் லீவு போட்டாள். வெயிலோடு வெயிலாகப் பாலகோபால் வந்தான்.

"அக்கா, உங்களைக் கேட்டுத்தானுங்க ஆஃப் பண்ணினேன். நீங்க சரின்னீங்களேங்க."

"ஆமாங்க, சொன்னேன். நீங்க கேட்டது எனக்குப் புரியலைங்க. அண்ணனைக் கொஞ்சம் பாருங்க."

அவன் கட்டிலைப் பார்த்தான். நேற்று உள்ளறையில் வேலை பார்த்துவிட்டுப் போயிருந்தான், முன்னறைக் கட்டிலில் ஆள் படுத்திருந்ததைத் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறான். அதன் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. பழைய பேண்டைத் திறந்துவிட்டான். "நீங்க அழிக்காம இருந்திருந்தா இப்பத் தானாவே ஒட்டியிருக்குமுங்க. பரவால்ல, சேத்திக்கலாம்" என்று பிளக்கை மின்னவைத்தான். சேர்ந்தது. பல்பும் சேர்ந்தது.

"அக்கா, புது அஞ்சு பேண்டுக்கும் இதே வைஃபை பேரையே உட்டுரட்டுங்களா?"

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. புவனா வாயை மூடித் திறந்தாள்.

"இருங்க. உட்டா என்னாகும், உடாட்டி என்னாகும்? எனக்குப் புரியறாப்பல சொல்லிப்போட்டு அப்பறம் கை வைங்க."

அவன் திகைத்தான், பிறகு சொன்னான். ஒரே பேர் இருந்தால் போன் எந்தப் பேண்டில் நிற்கிறது என்று தெரியாது, அடுத்த தடவை சேர்க்கும்போது தகராறு வரலாம். பேர் பிரித்தால் எது எது என்று கண்ணுக்குத் தெரியும். "அப்பப் பிரிச்சுருங்க. பழைய பேரு பழைய பேண்டுக்கே இருக்கட்டும்" என்றாள். மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டோமோ என்று அவன் போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள். காபி போட்டுக் கொடுத்தாள்.

"சொல்லிப் பாருங்க" என்றாள் கணவரிடம்.

சென்னிமலை கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "நீயே போட்டுரு."

"சொல்லுங்க மாமா."

அவர் சொல்லவில்லை. அன்று முழுக்க விசிறியை அவள்தான் போட்டாள், அவள்தான் நிறுத்தினாள்.

அடுத்த நாள் காலையில் அவள் பிசிறு நூல் வெட்டும் செக்கிங் கத்தரியைப் பையில் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். மெஹராஜிடம் இடையிலும் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தாள். "மிக்சி போடறதுக்கு முன்ன வாரேனுங்கக்கா" என்றிருந்தாள் மெஹராஜ். "போயிட்டு வாரேனுங்க" என்று புவனா சொன்னதற்கு அவர் கண்ணை மட்டும் அசைத்தார்.

வேன் நிற்கும் இடத்திலிருந்து ஜன்னல் தெரியும். அவள் திரும்பிப் பார்த்தபோது பகல் வெளிச்சத்தில் பல்பு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. தேஜா பொருத்திய அன்று போல விளையாட்டாக இல்லை. குஞ்சுகளைப் பார்க்கிறவர் போல, ஒவ்வொரு முறையும் நின்று, காத்திருந்து, மறுபடி சோதித்துக்கொண்டிருந்தார்.

வேன் வந்து ஹாரன் அடித்தது. பல்பு இன்னொரு முறை எரியும்வரை நின்றுவிட்டு அவள் ஏறினாள்.