பணி உறுதிக் கடிதத்தின் தேதி

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் நான் கெமிஸ்டாகச் சேர்ந்த அதே நாளில் இன்னொரு இளைஞரும் சேர்ந்தார். இருவருக்கும் ஒரே மாதிரி நியமனக் கடிதம். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதை நீட்டிப்பதென்றால் முடிவதற்குள் எழுத்தில் தெரிவிப்பார்கள். ஆறு மாதம் முடிந்த வாரமே அவருக்குப் பணி உறுதிக் கடிதம் வந்துவிட்டது. எனக்கு உறுதியும் இல்லை, நீட்டிப்பும் இல்லை.

மனிதவள அதிகாரியிடம் கேட்டேன். ஆய்வகத் தலைவரின் மதிப்பீட்டுப் படிவம் வரவில்லை என்றார். தலைவரிடம் கேட்டால், பார்க்கலாம் என்பார். இப்படியே மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் டீ குடித்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

"வூட்டுல மாப்பிள்ள பாக்குறாங்களாமே. கல்யாணம் ஆயி நீ போயிட்டீன்னா? அதான் கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னு ஃபாரத்த வச்சிருந்தேன்."

என்னோடு சேர்ந்தவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையைத் தலைவர் கையில்தான் முதலில் கொடுத்தார். அவரிடம் யாரும் பொறுத்துப் பார்க்கவில்லை.

அன்று என் ஊர் விக்கிரமங்கலம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். நீட்டிப்பை எழுத்தில் தெரிவிப்பதாக நியமனக் கடிதத்தில் இருந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. பணி உறுதி, இன்று முதல். இனி வேலையை விட்டால் பதினைந்து நாளுக்குப் பதில் இரண்டு மாத முன்னறிவிப்பு. எந்த ஆலைக்கு மாற்றினாலும் போக வேண்டும். ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. என்னைக் கட்டும் நிபந்தனையில் ஒன்றுகூட விடுபடவில்லை. என் மூன்று மாதம் மட்டும் காணாமல் போயிருந்தது. ஷிப்ட் பொறுப்பாளராக உயர்வதற்குப் பணி உறுதியான தேதியிலிருந்துதான் இரண்டு வருடம் கணக்கிடுவார்கள்.

"மூணு மாசந்தானேம்மா. நகல்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க," என்றார் மனிதவள அதிகாரி.

"மூணு மாசந்தானே சார். நீங்களே மாத்திக் குடுத்துருங்க."

தலைவர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், மேலே அனுப்ப வேண்டும் என்று அடுக்கினார். கடிதத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு தலைவர் என்னோடு பேசவில்லை. மாதிரிகளின் முடிவைக்கூட அடுத்தவர் மூலம் கேட்டார். கேட்கட்டும் என்று இருந்தேன்.

பத்து நாளில் திருத்திய கடிதம் வந்தது. ஆறு மாதம் முடிந்த மறுநாளின் தேதி. தாமதத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு வரியையும் அங்கேயே நின்று படித்த பிறகுதான் நகலில் கையெழுத்திட்டேன். நன்றி சொல்வேன் என்று அதிகாரி காத்திருந்தார். சொல்லவில்லை.

வீட்டில் அம்மா, "அதான் வந்துருச்சுல்ல, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டாள். தட்டைத் தள்ளி வைத்தேன். ஒன்பது மாதமும் நான் ஒழுங்காக வேலை செய்திருந்தேன். அதை, என் படிவத்தை வைத்திருந்த அந்த ஆள் ஒருநாள்கூட இல்லையென்று சொன்னதில்லை.