மடிப்புக்குள் போன ஐம்பத்து மூன்று

கவியாவுக்கு முப்பத்திரண்டு வயது. செங்கல்பட்டில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் எண் தொடர், எழுத்துத் தொடர் போடும் ரீசனிங் பாடம் நடத்தினாள். தானும் அதே தேர்வுகளை எழுதிக்கொண்டிருந்தாள். முன்பு இரண்டு முறை ஓரிரு மதிப்பெண்ணில் வேலை தவறியிருந்தது. அவளுடைய அப்பா ஏசுதாஸ் நாவலூர் அடுக்குமாடி ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்ளப் பகலில் நான் போவேன்; கவியா என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். வீட்டு நோயாளிப் பராமரிப்பில் முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். அந்த வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எண் தொடர் போடுவதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு இரண்டு எண்ணுக்கும் கீழே சின்னதாக ஒரு வளைவு போட்டு, அதற்குள் வித்தியாசத்தை எழுதுவாள். 7, 8, 12, 21, 37 என்றால் வித்தியாசம் 1, 4, 9, 16. எல்லாம் வர்க்க எண்கள். அடுத்தது 25, ஆகவே விடை 62. வித்தியாசத்தில் ஒழுங்கு தெரியாவிட்டால் இரண்டு விதிகள் மாறி மாறி வருகின்றனவா என்று பார்ப்பாள். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் முடித்து வருகிற ஆட்கள்கூட அவள் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. ஏசுதாஸுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். மைய உரிமையாளர் ராமானுஜம் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் கஞ்சி ஆற்றினாள்.

"கவியா, மாமல்லபுரத்துல ஒரு லாட்ஜுல ரிவிஷன் கேம்ப் நடந்துகினு கீது. மாடல் பேப்பர் போட்டோ அனுப்பியிருக்கேன். அரை மணி நேரத்துக்குள்ள போட்டு அனுப்பு."

"நாளைக்கு எனக்கும் பரீட்சை சார்."

"உனுக்கு இது ஜுஜுபி. கேள்வி நம்பர் வேணாம், தொடரோட முதல் மூணு எண்ணோ எழுத்தோ, அதுக்கு ஆன்சர். அது போதும்."

போனை வைத்ததும் அவள் என்னைப் பார்த்தாள். "மாடல் பேப்பருக்கு எதுக்கு பெரிம்மா கேள்வி நம்பர் வேணான்றாரு?"

"பாவி மனுசன், மெனக்கெட்டு ஒண்ண கேக்கறாரு. இன்னா உள்குத்தோ," என்றேன். அதற்கு மேல் நானும் யோசிக்கவில்லை. தவறுதான்.

வந்த படம் சரியில்லை. தாளை யாரோ அவசரமாகச் சட்டைக்குள் வைத்து எடுத்திருக்க வேண்டும். வலது ஓரத்துக்குச் சற்று உள்ளே, மேலிருந்து கீழாகப் புடவைக் கொசுவம் போல ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அவள் இருபத்தைந்து கேள்விக்கும் வளைவு போட்டு முடித்து, பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அப்பாவுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தாள்.

ஞாயிறு திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளியில் தேர்வு. ஒன்றரை மணிக்கு வீட்டுக்குள் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பெரிம்மா, அதே பேப்பர்."

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். பிறகு முழுவதும் சொன்னாள். கேள்வித்தாளைப் பிரித்ததும் நேற்றுப் போட்ட தொடர்கள் வேறு வரிசையில் நின்றன. அதில் ஒன்று 4, 8, 11, 22, 25, 50, 53, அடுத்தது என்ன என்று கேட்டது. இரண்டால் பெருக்கு, மூன்று கூட்டு, மறுபடி இரண்டால் பெருக்கு. 53-க்கு அப்புறம் பெருக்கல் முறை, விடை 106. ஆனால் நேற்று அவள் அனுப்பியது 53. தாளில் அந்த 53 மடிப்புக்குள் போயிருந்தது. அவள் பார்த்தது 50-க்குப் பக்கத்தில் கேள்விக்குறி. அப்போது கூட்டல் முறை, விடை 53. அதுவும் நான்கு விடைகளில் ஒன்றாக இருந்ததால் சந்தேகம் வரவில்லை.

எழுத்துத் தொடரிலும் அதே கதை. B, Y, D, W, F, U, H. ஒன்று விட்டு ஒன்று பார்த்தால் B, D, F, H முன்னால் போகின்றன, Y, W, U பின்னால் வருகின்றன. அடுத்தது S. மடிப்பு H-ஐ விழுங்கியிருந்ததால் அவள் H என்று அனுப்பியிருந்தாள்.

"நீ இன்னா எழுதின?"

"சரியானதத்தான். 106, S. வெளிய வந்தா ஜெயக்குமார் நிக்கறான். 'மிஸ், உங்க 53-அ போட்டுட்டேன்'ன்றான். அவன் கூட பத்து பேர். எல்லாரும் 53, எல்லாரும் H."

ஜெயக்குமார் அவளிடம் படித்த உதிரிபாகக் கம்பெனி ஒப்பந்தத் தொழிலாளி; மாமல்லபுரம் கேம்புக்குப் போனவர்களில் ஒருவன்.

"கேள்வியிலயே நிக்கற நம்பர எவனாவது பதிலா போடுவானா பெரிம்மா? திருத்தறவன் முட்டாளா?"

திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் வாசலில் பைக் நிற்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போனாள். அவளுடைய விடைத்தாள் சுத்தம். வாயைத் திறக்காவிட்டால் இந்த முறை வேலை கிடைக்கும். திறந்தால் முன்கூட்டியே தாளைப் பார்த்தவள், இனி எந்தத் தேர்வும் எழுத முடியாது. இதை அவள் என்னிடம் நான்கு முறை சொன்னாள்.

செவ்வாய் காலை ராமானுஜம் அழைத்தார்.

"அந்த மெசேஜ அழிச்சுட்டியா?"

"மாடல் பேப்பருன்னு சொன்னீங்களே சார்."

"யார் கேட்டாலும் அப்படியே சொல்லு. ஆனா ஒண்ணு, போட்டுக் குடுத்தது உன் கைதான். ஒரு கேஸுன்னு வந்தா நீயும் உள்ளதான் கீற." குரலில் கோபமே இல்லை. வாடகை கேட்கிற மாதிரி சொன்னார்.

மதியம் ஜெயக்குமாரின் மனைவி பூவாயி அழுதுகொண்டே போன் செய்தாள். பத்துப் பேர் விடைத்தாளிலும் ஒரே தப்பு இருந்தது பிடிபட்டு, போலீஸ் அவனைக் கம்பெனி வாசலிலேயே ஏற்றிப் போய்விட்டது.

கவியா அப்பா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏசுதாஸுக்குப் பேச்சு வராது, காது கேட்கும். கண் அவள்மேலேயே இருந்தது.

"அழிச்சுடட்டா பெரிம்மா?"

"உன் போன்ல அழிப்ப. அந்தாள் போன்ல? ஜெயக்குமார் போன்ல? தேடிகினு வூட்டுக்கு வந்தா நைனா முன்னாடி கூட்டிகினு போவாங்க. நீயா போனா செருப்பு மாட்டிகினு போலாம். அழிக்காம எடுத்துகினு கெளம்பு."

ஜெயக்குமாருக்காகத்தான் போகிறோம் என்று சொல்லிப் பூவாயியை வரவழைத்து, அரைமணி நேரம் ஏசுதாஸ் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு நானும் போனேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வாசுதேவன் மேசையில் கேள்வித்தாள் கிடந்தது. சிவப்புப் பேனாவில் 53-ஐ வட்டமிட்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்.

"பாடம் எடுக்கற ஆளு இந்தத் தப்பு பண்ணுவியாம்மா? விடை போட்டது வேற ஒருத்தன்னு உள்ள உக்காந்திருக்கற ராமானுஜம் சொல்றாரு. நீ யாரக் காப்பாத்த வந்த?"

"தாளக் குடுங்க சார்."

வலது ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒரு விரல் அகலத்தைக் கொசுவம் போல உள்ளே மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து அவர் பக்கம் திருப்பினாள். 50, கேள்விக்குறி. கீழே U, கேள்விக்குறி. மற்ற வரிகள் குட்டையானவை, மடிப்பு தொடவில்லை.

"இப்போ போடுங்க சார்."

அவர் பேனாவை எண்களின்மேல் நகர்த்தினார். உதடு அசைந்தது. பெருக்கல், கூட்டல், பெருக்கல், கூட்டல், பெருக்கல். கடைசியில் நின்றார். "53."

"இந்த மடிப்பு விழுந்த தாள் ஒண்ணுதான் சார் வெளிய வந்தது. அந்தப் போட்டோ என் போன்ல கீது. அனுப்பினவர் நம்பரும் கீது."

இன்ஸ்பெக்டர் போனை வாங்கிப் படத்தையும் நம்பரையும் பார்த்தார். பிறகு ஆளை அழைத்து ராமானுஜத்தை வெளியே விடக்கூடாது என்றார். அவளிடம் குரல் தணிந்தது.

"ஞாயித்துக்கெழம நீயும் பரீட்சை எழுதினியா?"

"எழுதினேன்."

"ஹால் டிக்கெட்?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாக்குமூலத்துக்குப் பின்னால் வைத்து ஸ்டேப்ளர் அடித்தார். அந்தச் சத்தத்துக்கு அவள் தோள் ஒரு முறை தூக்கிப் போட்டது.

"சாட்சியா, குற்றவாளியான்னு நான் முடிவு பண்ண முடியாது. இப்போதைக்கு இங்கியே உக்காரு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "நாலு மணிக்கு நைனாவ இடது பக்கம் திருப்பிப் போடணும்," என்றாள். மணி மூன்றே முக்கால். நான் ஆட்டோ பிடித்தேன்.